வெல்டைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் என்டிடி வேலைக்கான லெவல் 2 கோர்ஸில் கூடப் படித்த பேட்ச் ஆட்களோடு இன்னும் தொடர்பில் இருக்கிறீர்களா?

தஞ்சாவூர்க்காரன்: திருச்சியில் கோர்ஸ் முடித்த பேட்ச். போன மாதம் சவுதி ஜுபைலில் ஷட்டவுன் வேலைக்கு அவசரமாக யுடி, அதாவது அல்ட்ராசோனிக் சோதனை செய்யும் ஆள் கேட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போகும். அதனால் எங்கள் பேட்சில் கெட்டிக்காரர் ஒருவருக்கு நேராக எழுதினேன். ஸ்கிரீனில் எக்கோவைப் பார்த்ததுமே ஸ்லாக்கா, லேக் ஆஃப் ஃபியூஷனா என்று சொல்லிவிடுவார். பதில் வந்தது: "அண்ணே, நான் திண்டுக்கல்ல மளிகைக் கடை வச்சிருக்கேன். இது புதுசா வாங்கின நம்பர்." நம்ம ஆள் கத்தார் போய், இங்கே சிம்மை அப்படியே விட்டிருக்கிறார். வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. இன்னும் உறுத்துகிறது.

ஆர்டி மணி: ரீசார்ஜ் முடிந்த மறுநாளே நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பை விட்டுத்தள்ளுங்கள், லிங்க்ட்இன் போதும்.

பழைய இன்ஸ்பெக்டர்: மறுநாளே எல்லாம் இல்லை மணி. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால்தான் துண்டிப்பார்கள். அப்புறம், லிங்க்ட்இன் நம் ஆட்களில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

எங்கள் பேட்சில் ஒருவர் ஒரு ஷீட் வைத்திருக்கிறார். பெயர், எந்தெந்த மெத்தட், சான்றிதழ் முடியும் மாதம், இப்போது எந்த ஊர், வீட்டு நம்பர் ஒன்று. அந்த வீட்டு நம்பர்தான் முக்கியம். வெளிநாடு போனாலும் அம்மா நம்பர் மாறாது. என்டிடி ஆட்களின் தகுதிக்கான SNT-TC-1A வழிகாட்டுதல் படி கம்பெனி கொடுக்கும் சான்றிதழ் அதிகபட்சம் 5 வருடம். முடியப்போகிற மாதத்தில் இவரே போன் செய்வார். பேச ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அது மட்டுமில்லை, கம்பெனியை விட்டு வந்தால் அந்தச் சான்றிதழ் அங்கேயே முடிந்தது. புது இடத்தில் பரீட்சை வைக்கும் லெவல் 3 ஆள் எந்தப் பேப்பர் கேட்பார், பிராக்டிகலில் எந்த மாதிரி பிளேட் வைப்பார் என்று அங்கே ஏற்கெனவே இருக்கிற பேட்ச் ஆளைத்தான் கேட்க முடியும். "வேலை இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இப்படிக் குறிப்பாகக் கேட்டால் நைட் ஷிஃப்டிலிருந்தும் பதில் வரும்.

கோவை ராணி: எனக்கு வேறு தலைவலி. ரொம்ப நாள் பேசாத பேட்ச்மேட் ஒருவர் கூப்பிட்டு, என்னோடு சைட்டில் யுடி செய்ததாக அனுபவக் கடிதம் கேட்டார். அவர் யுடி பிராபைத் தொட்டதை வகுப்பில் பார்த்ததோடு சரி, சைட்டில் நான் பார்த்ததில்லை. மறுத்தேன். குரூப்பை விட்டே போய்விட்டார்.

ஆர்டி மணி: ஒரு கையெழுத்துதானே, போட்டிருக்கலாம்.

பழைய இன்ஸ்பெக்டர்: அவர் விட்ட கிராக் நாளைக்குப் பிரஷர் வெசலில் திறந்தால், கடிதத்தில் யார் பெயர் இருக்கும்?

புதியவன்_02: அண்ணா, திருச்சியில் இந்தக் கோர்ஸ் ஃபீஸ் எவ்வளவு? வேலை வாங்கித் தருவார்களா?

தஞ்சாவூர்க்காரன்: தம்பி, அதற்குத் தனி இழை போடுங்கள். இன்ஸ்பெக்டர் சார், அந்த ஷீட்டை எல்லோரும் திருத்தலாமா, இல்லை ஒருவர் மட்டுமா? வீட்டு நம்பர் எல்லாம் இருக்கிறதே.