தாத்தா தவறிக் கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் யாருக்கு?

குடியாத்தம் கவி:
ஆவணியில் ஒரு கல்யாணம். மணப்பெண் மேக்கப்புக்கு, ரிசெப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து 24,000 ரூபாய் பேசி, தேதிக்காக 6,000 வாங்கியிருந்தேன். 11 நாள் இருக்கும்போது பெண்ணின் தாத்தா தவறிவிட்டார். தைக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் புதுத் தேதியில் எனக்கு ஆம்பூரில் வேறு கல்யாணம். இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், எழுத்தில் ஒன்றும் இல்லை. இனிமேல் என்ன எழுதி வாங்குவது?

சத்துவாச்சாரி ஷீலா:
ஒரே வரி போதும் கவி. "அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது." ஆறு வருஷமாக என் பில்லில் அச்சடித்தே வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் அந்த வரியைக் காட்டுவேன், பேச்சு முடிந்துவிடும்.

ஆற்காடு அப்பா:
பேச்சு முடியாதும்மா, நாங்கள் சங்கடப்பட்டு வாயை மூடிக்கொள்கிறோம், அவ்வளவுதான். 2021 மே மாதம் என் பெண் கல்யாணம். 50 பேருக்கு மேல் கூடாது என்றதும் மண்டபத்தை விட்டுவிட்டு வீட்டு வாசலிலேயே தாலி கட்டினோம். பந்தல்காரர் பாதிப் பணம் கொடுத்தார். மேக்கப்புக்குப் பேசியிருந்தவர் 10,000 ரூபாயையும் வைத்துக்கொண்டார், அதே "எக்காரணம் கொண்டும்" வரியைக் காட்டித்தான். அன்றைக்கு அவர் வீட்டை விட்டே கிளம்பவில்லை.

வாலாஜா மீனா:
எனக்கும் இதே பிரச்சினைதான். டிரையல் அன்று பெண்ணுக்குக் கன்னமெல்லாம் சிவந்துவிட்டது. அதற்கு என்ன எழுதி வாங்குவது?

ஆரணி அக்கா:
மீனா, அது வேறு கதை, தனியாகக் கேள். இங்கே தேதி பற்றிய பேச்சு.

ஷீலா, உன் வரி கல்யாணம் நின்றுபோனால்தான் உதவும். கவிக்கு வந்தது அது இல்லையே. கல்யாணம் நிற்கவில்லை, நகர்ந்திருக்கிறது. தையில் நல்ல முகூர்த்தம் கொஞ்சம்தான், எல்லாரும் அதே நாளுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். முகூர்த்த நாளிலிருந்து இன்னொரு முகூர்த்த நாளுக்கு மாற்றினால் ஒரே சம்பளத்துக்கு நம்முடைய இரண்டு நாள் போகிறது. சும்மா கிடக்கும் நாளுக்கு மாற்றினால் ஒன்றும் நஷ்டமில்லை. அதனால் நான் எழுதுவது இப்படி: ஒரு தடவை தேதி மாற்றலாம், 12 மாதத்துக்குள் நடக்க வேண்டும், புதுத் தேதி என்னிடம் காலியாக இருக்க வேண்டும். 30 நாளுக்கு முன்னால் சொன்னால் கூடுதல் பணம் இல்லை. அதற்குப் பிறகு சொன்னால் தேதிப்பணத்தில் பாதி பழைய நாளுக்கு, பாதி புது நாளுக்கு.

"அட்வான்ஸ்" என்ற சொல்லையே நான் எழுதுவதில்லை. "தேதிப்பணம்" என்று போட்டு, அந்த நாளுக்கு வேறு யாரையும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்காக வாங்குவது என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுவேன். மீதியை ரிசெப்ஷன் அன்று சாயங்காலம், பிரஷ்ஷைக் கையில் எடுக்கும் முன் வாங்கிவிடுவேன்.

காட்பாடி குமாஸ்தா:
கோர்ட்டில் வக்கீலுக்கு எழுத்து வேலை பார்த்தவன், என் மனைவியும் இதே தொழில்தான். ஷீலாவின் வரி பாதிதான் நிற்கும். ஒப்பந்தம் மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான நஷ்டஈடு மட்டும்தான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. நஷ்டமே ஆகாத இடத்தில் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

அதனால் கவி கணக்குப் போட வேண்டும். அந்த ஆவணி நாளில் வேறு வேலை கிடைத்ததா?

குடியாத்தம் கவி:
ஒரு ரிசெப்ஷன் மட்டும் கிடைத்தது சார், 8,000 ரூபாய்க்கு. அதற்குச் செலவு 3,000 போல. முதலில் பேசியதற்கு அசிஸ்டண்ட், வண்டி, பொருள் எல்லாம் சேர்த்து 6,000 ஆகியிருக்கும்.

காட்பாடி குமாஸ்தா:
அப்போது 24,000இல் செலவு போக உங்கள் கையில் நிற்க வேண்டியது 18,000. கிடைத்தது 5,000. நஷ்டம் 13,000, வாங்கியது 6,000. வைத்துக்கொள்வதற்கு உங்களிடம் நியாயம் இருக்கிறது. அதே நாள் முழு 24,000க்கும் வேறு கல்யாணம் வந்திருந்தால் பதில் தலைகீழ். ஆகவே "அந்தத் தேதிக்கு வேறு வேலை கிடைத்தால் அதற்கேற்பத் திருப்பித் தருவேன்" என்று நீங்களே எழுதிவிடுங்கள். வேலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் அந்த வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

ஆற்காடு ஐயா சொன்னது வேறு. அரசு உத்தரவாலோ வெள்ளத்தாலோ வேலை செய்யவே முடியாமல் போனால் 56ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் செல்லாமல் போகும், வாங்கியதை 65ஆம் பிரிவுப்படி திருப்பித் தர வேண்டும். அந்த நிலைமைக்கு என்ன செய்வது என்று முன்பே எழுதி ஒப்புக்கொண்டிருந்தால் எழுதியபடி நடக்கும்.

ஆற்காடு அப்பா:
தாத்தா தவறியதும் அப்படித்தானே? எந்த வீட்டில் தீட்டோடு கல்யாணம் நடத்துவார்கள்?

காட்பாடி குமாஸ்தா:
சட்டத்தின் கண்ணில் அது முடியாத காரியம் ஆகாது ஐயா. மணமகனோ மணமகளோ தவறினால் பேச்சே வேறு. தாத்தா என்றால் நடத்த முடியும், நடத்த மனசு வராது. அதனால்தான் இதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்கிறேன். "எதிர்பாராத நிகழ்வுகள்" என்று மொட்டையாக எழுதினால் ஒருவருக்கு வெள்ளம், இன்னொருவருக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காதது.

ஆரணி அக்கா:
பெயர் சொல்லி எழுதினால் எங்கே நிறுத்துவது சார்? பங்காளி தீட்டு என்று வந்தால் நான் பார்த்தே இராத பெரியப்பா ஒருவர் ராணிப்பேட்டையில் இருப்பார். நான் பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, இரு வீட்டிலும், அவ்வளவோடு நிறுத்திவிட்டேன். அந்த 30 நாள் கணக்கை அவர்களுக்குப் பார்ப்பதில்லை, ஒரு தடவை சும்மா மாற்றித் தருவேன். 16ஆம் நாள் முடிந்ததும் நடத்துபவர்களும் உண்டு, ஒரு வருஷம் தள்ளுபவர்களும் உண்டு, அதனால்தான் அந்த 12 மாதம்.

இன்னொரு பக்கமும் எழுது கவி. எனக்கு ஒரு வருஷம் டெங்கு, மூன்று கல்யாணம் கையில். எனக்கு முடியாவிட்டால் இன்னார் வருவார் என்று பெண் வீட்டுக்குச் சொல்லி, அவர்கள் சம்மதித்தால்தான் அனுப்புவேன், இல்லையென்றால் வாங்கியது அத்தனையும் திருப்பிக் கொடுப்பேன். சம்மதம் கேட்காமல் அனுப்பிவிட்டுப் பட்ட பாடு போதும். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தில் தரைப்பாலம் மூழ்கிச் சுற்றிப் போனேன், முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் மண்டபம். அதிலிருந்து, ஆற்றைத் தாண்டி வேலை என்றால் முந்தின ராத்திரியே மண்டபத்தில் ஓர் அறை வேண்டும் என்று எழுதி வாங்குகிறேன்.

சத்துவாச்சாரி ஷீலா:
இவ்வளவையும் எழுதிக் கொடுத்தால் பக்கத்துத் தெரு பார்லருக்குப் போய்விடுவார்கள் அக்கா.

ஆரணி அக்கா:
ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் நீளம்தான். பெண்ணோடு சேர்த்து, பணம் கொடுப்பவர் நம்பருக்கும் அனுப்பு. "சம்மதம்" என்று பதில் வந்த பிறகு தேதிப்பணம் வாங்கு.

குடியாத்தம் கவி:
சரி அக்கா. இந்தக் குடும்பத்துக்கு 6,000இல் பாதியைத் திருப்பிவிடலாம் என்று பார்க்கிறேன். அந்த அம்மா அழுதபோது ஒன்றும் சொல்ல வரவில்லை.

காட்பாடி குமாஸ்தா:
கொடுங்கள், தப்பில்லை. கொடுக்கும்போது "இத்துடன் கணக்கு முடிந்தது" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆற்காடு அப்பா:
பாதி என்பது பந்தல்காரர் நியாயம். தேதி ஒத்துவராதது கவியால்தானே? என்னைக் கேட்டால் முழுசும் கொடுக்க வேண்டும்.

சத்துவாச்சாரி ஷீலா:
ஆம்பூர்க்காரர்கள் முன்னாடியே பேசியிருந்தால் கவி என்ன செய்வாள் ஐயா?