சம்பளக் கணக்கு ஓவர்டிராஃப்ட்: இஎம்ஐ தானாகப் போகுமா?

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், மணலியில் வேலை. சம்பளம் 10ஆம் தேதிதான் வரும். வண்டிக் கடன் இஎம்ஐ 5ஆம் தேதியே எடுப்பார்கள். நடுவில் வீட்டு வாடகையும் கொடுத்தாக வேண்டும். இந்த ஐந்து நாளுக்காகக் கைமாற்று கேட்டு நிற்க மனமில்லை.

சம்பளக் கணக்கிலேயே 30,000 ரூபாய் வரை ஓவர்டிராஃப்ட் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். வருட வட்டி 15 சதவீதம். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டியாம். 10,000 ரூபாயை ஐந்து நாள் வைத்திருந்தால் சுமார் 21 ரூபாய். மாதாமாதம் எடுத்தாலும் வருடத்துக்குச் சுமார் 250 ரூபாய்தான். ஆனால் வருடக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 590 ரூபாய். வட்டியை விடக் கட்டணம்தான் பெரிது. எடுக்காத வருடமும் இதைப் பிடிப்பார்களா?

அதைவிட முக்கியமான சந்தேகம் ஒன்று. சில வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் தனிக் கணக்காக இருக்கும், நாமே அதிலிருந்து சம்பளக் கணக்குக்குப் பணத்தை மாற்ற வேண்டும். மறந்துவிட்டால் லிமிட் இருந்தும் இஎம்ஐ பவுன்ஸ் ஆகும். வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம் என்று இரண்டு பக்கமும் போகும். உங்களுக்குத் தானாக எடுத்துக்கொள்கிறதா, நீங்கள்தான் மாற்றுகிறீர்களா?

அப்புறம், 24,000 சம்பளம் விழுந்ததும் 10,000 கழிந்து 14,000தான் மிஞ்சும். அடுத்த மாதமும் அதே பள்ளம். எடுக்கும் தொகையை மாதம் இரண்டாயிரம் இரண்டாயிரமாகக் குறைத்து இதை அடைத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.