இத்தாலிய மருந்துத் தாளில் அளவுக் குழப்பம்: உதவுங்கள்

நண்பர்களே, பலேர்மோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக, குழந்தைகளுக்குத் தரும் அமாக்சிசிலின் மருந்தின் இத்தாலிய விளக்கத்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘கிலோவுக்கு 50 மி.கி., மூன்று வேளை’ என்று மட்டும் அதில் இருக்கிறது. நாள் முழுவதற்குமா, ஒவ்வொரு வேளைக்குமா? மருந்து 5 மி.லி.யில் 250 மி.கி.; 12 கிலோ குழந்தைக்கு, நாளளவு என்றால் வேளைக்கு 4 மி.லி., வேளையளவு என்றால் 12 மி.லி. மும்மடங்கு! வழக்கத்தைப் பார்த்தால் நாளளவுதான். ஆனாலும் ஊகத்தை அச்சில் ஏற்ற மனம் ஒப்பவில்லை.

போதாக்குறைக்கு, சிறுநீரகக் கோளாறை ஓரிடத்தில் ‘சிறுநீரகப் பற்றாக்குறை’ எனப் பொருள்படும் ‘இன்சுஃபிசியென்ஸா ரெனாலே’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘குறைந்த சிறுநீரகச் செயல்பாடு’ எனப் பொருள்படும் ‘ரிதோத்தா ஃபுன்ஸியோனாலிதா ரெனாலே’ என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே நிலையா, முதலாவது கடுமையானதா? இத்தாலியில் பணிபுரியும் மருந்தாளுநர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள். தாளை எழுதியவர்களிடமும் கேட்டிருக்கிறேன். அதுவரை அளவு வரி காலியாகவே இருக்கும்.