கொத்துச் சத்தத்துக்குள் ஓடர் கேட்க வேண்டும்

அத்தான்: ஏழு மணிக்குப் பிறகு கொத்து போடத் தொடங்கினால் போன் அடிப்பது காதில் விழுவதே இல்லை. நேற்றும் நாவற்குடாவிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் நான்கு கோழிக் கொத்து கேட்டிருந்தார். நான் பார்க்கும்போது வேறு கடையில் வாங்கிவிட்டார்.

சின்ன மாமா: சத்தத்தை முழுசாகக் கூட்டி வையுங்கள் மருமகன். WhatsApp Business போடுங்கள், இப்போதுள்ள நம்பரையே கொடுக்கலாம்.

தம்பி: Business சரி மாமா, ஆனால் அதே நம்பர் வேண்டாம். அங்கே கொடுத்தால் பழைய வாட்ஸ்அப்பில் அந்த நம்பர் நிற்காது, குடும்பக் குழுவும் ஊர்க் குழுவும் கடைப் பக்கம் வந்துவிடும். அத்தான் போனில் இரண்டாவது சிம் இடம் சும்மாதானே கிடக்கிறது? புது நம்பரை ஓடருக்கு மட்டும் கொடுங்கள். அதில் சத்தம் வந்தால் அது ஓடர்தான்.

மாமி: தம்பி, எனக்கும் தையல் மெஷின் ஓடும்போது மகன் கோல் எடுத்தால் கேட்பதில்லை.

தம்பி: மாமி, அது கோல் வரும் ரிங்டோன், அதை வேறாகப் பார்க்க வேண்டும். நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன்.

அத்தான்: சத்தம் முழுசாகத்தான் இருக்கிறது. டிங் என்று ஒரு தரம் அடித்து ஓய்ந்துவிடுகிறது.

தம்பி: தகட்டில் அடிக்கிற சத்தமும் டிங்தானே, அதுக்குள் மணிச்சத்தம் மறைந்துவிடும். அக்காவின் குரலில் "புது ஓடர் வந்திருக்கு" என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பதிவு செய்யுங்கள், ஐந்து விநாடி போதும். அந்தக் கோப்பைப் போனின் Notifications ஃபோல்டரில் போட்டு, Business-இல் Settings, Notifications, Notification tone போய் அதைத் தெரிவு செய்யுங்கள். பாட்டுக்கும் அறிவிப்புக்கும் சத்த அளவு வேறு வேறு, அறிவிப்பைக் கூட்ட வேண்டும்.

அக்கா: என் குரலா! சரி, இன்றைக்கே பேசித் தருகிறேன்.

சின்ன மாமா: அப்படியும் கேட்காவிட்டால்?

தம்பி: அனுப்பியவரிடம் எத்தனை டிக் என்று கேளுங்கள். இரண்டு டிக் என்றால் போனுக்கு வந்துவிட்டது, நமக்குத்தான் கேட்கவில்லை. ஒரு டிக்கோடு நின்று, நீங்கள் திறந்ததும் எல்லாம் ஒன்றாகக் கொட்டினால், பெரும்பாலும் பற்றரியை மிச்சம் பிடிக்கப் போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்திருக்கும். ஆப்பின் Battery பக்கத்தில் Unrestricted போடுங்கள். இன்னொன்று, ஒருவருடைய சட் பக்கத்தைத் திறந்தபடியே போனை மேசையில் வைக்காதீர்கள். அவர் திரும்ப எழுதினால் அக்கா குரல் வராது, சின்னச் சத்தம்தான் வரும்.

அத்தான்: கடையில் புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. அதில் வருமா?

தம்பி: போனுக்குப் போன் மாறும் அத்தான். போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சின்ன மாமா: பழைய நம்பருக்கே எழுதிப் பழகின ஆட்கள் இருக்கிறார்களே?

தம்பி: அவர்களுக்குப் புது நம்பரை அனுப்பலாம். மாறும்வரை பழைய வாட்ஸ்அப்பில் அவர்களுடைய சட்டுக்கு மட்டும் அதே குரலைத் தனியாக வைக்கலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் கையால்தான் வைக்க வேண்டும்.

அத்தான்: வழக்கமாக வாங்குகிற ஆட்களுக்கு மட்டும் வைக்கிறேன். சிம் எடுத்துவிட்டுக் கதைக்கிறேன்.