[கலைச்சொல்] திட்ட விலக்கமா, நியம விலகலா? இடை எது, இடைநிலை எது?

மலர்விழி எழுதியது:

அவையினருக்கு வணக்கம்.

மருத்துவ நிலையத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டறிந்த ஒரு முன்னோட்டக் கணக்கெடுப்பின் அறிக்கையை மொழிபெயர்த்து வருகிறேன். வியாழன் காலைக்குள் ஒப்படைக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கைப் பின்பற்றி நான் எழுதிய தொடர் இது: "பயண நேரத்தின் கூட்டுச் சராசரி 40 நிமிடம், திட்ட விலக்கம் 67 நிமிடம், இடைநிலை அளவு 20 நிமிடம், முகடு 15 நிமிடம்."

மெய்ப்புத் திருத்தியவர் ஓரத்தில், "67 நிமிடம் எந்தத் திட்டத்திலிருந்து விலகினார்கள்?" என்று குறித்திருக்கிறார். அறிக்கையே ஒரு நலத்திட்டத்தைப் பற்றியது என்பதால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை இலங்கை வாசகர்களும் படிக்கப் போகிறார்கள். நால்வகை அளவுகளுக்கும் இருவருக்கும் பொதுவான சொற்கள் வேண்டும்.

பதினொரு பேர் சொன்ன விடைகள், நிமிடக் கணக்கில்: 10, 10, 15, 15, 15, 20, 20, 25, 30, 40, 240. பள்ளியில் கற்ற முறையில் நானே கணக்கிட்டால் திட்ட விலக்கம் 64 என்று வருகிறது. மூலத்தில் பிழையா என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

யோகநாதன் எழுதியது:

அன்புள்ள மலர்விழிக்கு,

இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் படித்தவை இடை, இடையம், ஆகாரம், நியம விலகல் என்பவை. சராசரியைத்தான் நாங்கள் இடை என்கிறோம். உங்கள் "இடைநிலை அளவு 20" என்பதை எங்கள் மாணவர் ஒருவர் அவசரமாகப் படித்தால் சராசரி 20 என்றே எடுத்துக்கொள்வார். வாசகருக்குச் சொல் புரியாமல் போவதைவிட, புரிந்ததாக நினைத்து வேறொரு எண்ணை மனத்தில் கொள்வது கேடு.

ஆகாரத்தை நான் முன்மொழியவில்லை. மருத்துவ அறிக்கையில் "ஆகாரம் 15" என்று எழுதினால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கே தெரியும். ஆனால் விலக்கத்தை ஏற்க மாட்டேன். விலகு என்பது தன்வினை, விலக்கு என்பது பிறவினை. எண்கள் தாமாகவே சராசரியிலிருந்து தள்ளி நிற்கின்றன, அவற்றை எவரும் விலக்கவில்லை. ஆகவே விலகல் என்பதே முறை.

இளங்குமரன் எழுதியது:

யோகநாதனார் வாதம் கேட்க இனிமையாக இருந்தாலும் நிற்காது. பழகு தன்வினை, பழக்கு பிறவினை. எனினும் பழகுவதால் வருவது பழக்கமே. அந்த வாய்பாட்டில் விலகுவதால் வருவது விலக்கம் ஆகலாம், தடையில்லை.

எனக்கு உறுத்துவது சராசரி. 'சரி' என்பதன் அடுக்கு என்று பலர் நம்புகிறார்கள். மராத்தியிலும் இதே பொருளில் சராசரி வழங்குகிறது, அதன் வேர் பாரசீகத்தில் "ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை" என்னும் பொருளுடைய சொல். மேடுபள்ளத்தைச் சமமாக்குவதை நிரவுதல் என்கிறோமே, அதிலிருந்து நிரவல் என்று ஆக்கலாம். முகட்டுக்குப் பதிலாகப் பெருவழக்கு எனலாம். இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று பகுத்த நன்னூலார்க்கு உரியவர்கள் நாம். பலரிடம் வழங்கும் விடையைக் குறிக்க வழக்கைவிடப் பொருத்தமான சொல் ஏது?

இடைநிலைக்கு நடு என்றாலே போதும். சிறியதற்கும் பெரியதற்கும் நடுவில் இருப்பது, அவ்வளவுதானே. இதற்கு ஏன் இத்தனை திணறல்?

சிவகாமி எழுதியது:

இளங்குமரன் ஐயாவுக்கு வணக்கம். நிரவல் மிக நன்றாக இருக்கிறது. பதினொருவரும் செலவிட்ட 440 நிமிடத்தை ஆளுக்குச் சமமாக நிரவினால் 40 வருகிறது, அந்தச் செயலையே சொல் காட்டிவிடுகிறது. ஆனால் நடுவைப் பற்றி நீங்கள் சொன்னது சரியில்லை. சிறியது 10, பெரியது 240, இவற்றுக்கு நடுவில் இருப்பது 125. அந்த நேரத்தின் அருகில்கூடப் பதினொருவரில் ஒருவரும் இல்லை. இடைநிலைக்கு எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி, வரிசையில் நடுவே நிற்பவரைப் பார்க்க வேண்டும். பதினொருவரில் ஆறாமவர் சொன்னது 20. நடுவாக இருப்பது அவருடைய இடம், எண்களின் நீளத்துக்கு அதில் பங்கில்லை. ஆகவே சொல்லில் வரிசையின் சாயல் இருந்தால் நல்லது.

மலர்விழியின் ஐயத்துக்கு வருகிறேன். இரண்டு விடையும் சரிதான். விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 44800. அதை 11ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 64, 10ஆல் வகுத்து எடுத்தால் 67. விரிதாளில் முன்னதை `STDEV.P` என்றும் பின்னதை `STDEV.S` என்றும் இடுவோம். இந்தப் பதினொருவர் பெரிய கூட்டத்தின் மாதிரி என்பதால் ஒன்று குறைத்து வகுத்திருக்கிறார்கள்.

எனக்குக் கவலை தருவது சொல்லைக் காட்டிலும் அந்த 67. பயண நேரம் சுழியத்துக்குக் கீழே போக முடியாது. சராசரி 40 ஆக இருக்க விலக்கம் 67 என்றால், சராசரியிலிருந்து ஒரு விலக்கம் கீழிறங்கினால் -27 நிமிடம் என்னும் பொருளற்ற இடத்தில் நிற்போம். எதிர்மறை ஆக முடியாத ஓர் அளவில் விலக்கம் சராசரியைத் தாண்டியிருந்தால், எண்கள் ஒரு பக்கமாக நீண்டு கிடக்கின்றன என்று மூல எண்களைப் பாராமலே ஊகிக்கலாம். இங்கே பார்க்கவும் முடிகிறது. 44800இல் 40000 அந்த ஒற்றை 240இலிருந்து மட்டுமே வருகிறது. சராசரிக்கு மேல் ஒரே ஒருவர், சரியாகச் சராசரியில் ஒருவர், மற்ற ஒன்பது பேரும் அதற்குக் கீழே. "சராசரியாக 40 நிமிடம் ஆகிறது" என்று படிப்பவர் தம் மனத்தில் வரையும் மனிதர் இந்தக் கூட்டத்தில் அநேகமாக இல்லை.

ஒருவருக்கு வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே கேள்வியாக இருந்தால், நான் "இடைநிலை 20 நிமிடம், நடுப்பாதியினருக்கு 15 முதல் 30 வரை" என்று எழுதுவேன். ஆறாமவரை விட்டுவிட்டு, கீழ் ஐவரின் நடுவர் 15, மேல் ஐவரின் நடுவர் 30. மொத்தப் பயணச் சுமையை மதிப்பிட்டு ஊர்தி ஏற்பாடு செய்வது நோக்கமாக இருந்தால் சராசரி இல்லாமல் முடியாது. ஆள்தொகையால் பெருக்கினால் மொத்தத்தைத் திருப்பித் தரும் குணம் அதற்கு மட்டுமே உண்டு.

பாலு எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? 240ஐ நீக்கிவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும். கேள்வியும் அதுதானே?

நான் பல ஆண்டுகள் வீடுவீடாகச் சென்று விவரம் சேகரித்தவன். எவரும் கடிகாரம் பார்த்து நேரம் சொல்வதில்லை. கால் மணி, அரை மணி என்பார்கள், நாங்கள் 15, 30 என்று குறித்துக்கொள்வோம். பதினெட்டு நிமிடம் என்று ஒருவர் சொல்லி நான் எழுதியதாக நினைவில்லை. உங்கள் முகடு 15 என்பது பயணத்தின் முகடா, நாவின் முகடா என்று எனக்குத் தெரியவில்லை.

சிவகாமி எழுதியது:

பாலு அண்ணன் கேள்வியை மாற்றிப் படித்துவிட்டார், ஆனாலும் அவர் இரண்டாவதாகச் சொன்னது நான் கவனிக்காமல் விட்டது. பதினொரு விடைகளும் ஐந்தின் மடங்குகளே. அப்படியானால் முகடு வாய்ப்பேச்சின் பழக்கத்தைக் காட்டுகிறதே ஒழிய தூரத்தை அன்று. அதோடு 15 என்றவர் மூவர், 20 என்றவர் இருவர். ஒருவர் விடை மாறினால் முகடும் இடம் மாறக்கூடும். இந்த அறிக்கையில் முகட்டை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். எப்படி வந்தார்கள், நடந்தா, பேருந்திலா, மிதிவண்டியிலா என்று கேட்டிருந்தால் முகடு ஒன்றே பயன்படும். அங்கே கூட்டி வகுக்க எதுவும் இல்லை.

240ஐக் காரணமின்றி நீக்கக் கூடாது. ஒருவேளை அது 24 ஆக இருந்து சுழியம் ஒட்டிக்கொண்டதென்றால் சராசரி ஏறக்குறைய 20க்கும் விலக்கம் 9க்கும் இறங்கிவிடும், இடைநிலை 20இலேயே நிற்கும். உண்மையிலேயே நான்கு மணி நேரம் பயணம் செய்த ஒருவர் என்றால், அறிக்கை பேச வேண்டிய முதல் ஆள் அவர்தான். மூலப் படிவத்தைப் பார்த்தவரே தீர்க்க வேண்டியது இது.

கார்ல் பியர்சன் 1894இல் ஸ்டாண்டர்டு டீவியேஷன் என்னும் பெயரை அச்சில் வழங்கினார். அதற்கு முன் இவ்வகை அளவுகளைப் பிழை என்ற சொல்லால் குறிப்பதே பெருவழக்கு (ஐயா கவனிக்க). வானியலில் அது பொருந்தும், அங்கே உண்மை ஒன்று, அளப்பவர் தவறுகிறார். நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்தவர் எவருடைய பிழையும் அல்லர். ஆகவே விலகலோ விலக்கமோ எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

யோகநாதன் எழுதியது:

பழக்கத்தைக் காட்டி இளங்குமரன் ஐயா என்னை மடக்கிவிட்டார், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் திட்டம் என்பது சிக்கலாகவே இருக்கிறது. "திட்டமாகச் சொல்" என்னும்போது வரும் உறுதிப் பொருள் அதில் இருப்பது தெரிந்தாலும், நலத்திட்ட அறிக்கையில் அந்தப் பொருள் எவருக்கு நினைவுவரும்? நியமம் வடசொல் என்று ஐயா மறுப்பார். மறுக்கட்டும், அது குழப்பவில்லை.

இளங்குமரன் எழுதியது:

மறுக்கிறேன். செந்தர விலக்கம் என்று எழுதலாமே. தரப்படுத்தலுக்குச் செந்தரம் என்னும் சொல் முன்பே உண்டு. இடைச்சொல் என்ற பெயரையும் நினைத்துப் பாருங்கள். அது சொல்லுக்கு முன்னும் பின்னும் வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. இடை என்றால் நட்டநடு என்னும் கட்டாயம் தமிழில் என்றும் இருந்ததில்லை. ஆகவே இலங்கையார் சராசரியை இடை என்பதில் இலக்கணக் குற்றம் இல்லை. வரிசையில் நடுவே நிற்பவருக்குத்தான் அந்தப் பெயர் போதாது. சிவகாமி அம்மையார் சொன்ன வரிசையை ஏற்று, அதற்கு வரிசைநடு என்று முன்மொழிகிறேன்.

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எண்களை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்பதால் 240ஐயும் முகட்டையும் பற்றி அறிக்கையாசிரியர்களுக்கு எழுதினேன். முகட்டை நீக்க இசைந்தார்கள், சராசரி இருக்கட்டும் என்றார்கள், 240க்கு இன்னும் விடை இல்லை. இன்று காலை அனுப்பிய தொடர்:

"வந்தவர்களை நேர வரிசையில் நிறுத்தினால் நடுவில் இருப்பவருக்கு 20 நிமிடம் ஆகியிருக்கிறது (இடைநிலை அளவு, இலங்கை வழக்கில் இடையம்), நடுப்பாதியினருக்கு 15 முதல் 30 நிமிடம். ஒருவருக்கு 240 நிமிடம் ஆனதால் சராசரி 40 நிமிடமாக உயர்கிறது. நியம விலகல் 67 நிமிடம்."

நிரவலை எழுதிப் பார்த்துவிட்டு மனமின்றி அழித்தேன். நியம விலகலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் மெய்ப்புத் திருத்துபவர் அதன் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை என்பது மட்டுமே.

இளங்குமரன் எழுதியது:

அவர் அதைப் படித்தாரா என்று கேட்டீர்களா? செந்தர விலக்கத்தை அடுத்த பதிப்புக்காவது குறித்து வையுங்கள்.