உதவி: ஒரு செக்‌ஷன் பிரேக்கை நீக்கியதும் நான்காம் அத்தியாயம் முழுவதும் லேண்ட்ஸ்கேப்பாகிவிட்டது

இறுதியாண்டு_சிவில்: தரைத்தளத்துடன் மூன்று மாடி கொண்ட குடியிருப்பின் வடிவமைப்பே எங்கள் திட்டப்பணி. நால்வர் தனித்தனியாக எழுதிய வேர்டு கோப்புகளை நான் ஒன்றாக ஒட்டினேன். பீம் வடிவமைப்பு அட்டவணை 11 பத்திகள் கொண்டது என்பதால் அதை லேண்ட்ஸ்கேப் பக்கத்தில் வைத்தேன். அதன் முன் வெற்றுப் பக்கம் ஒன்று வந்ததால் அங்கிருந்த பிரேக்கை நீக்கினேன். உடனே அத்தியாயம் முழுவதும் கிடைமட்டமாகிவிட்டது. பக்க எண்ணும் ஒவ்வொருவர் பகுதியிலும் மறுபடி 1 என்று தொடங்குகிறது. பின்னிணைப்பில் ஏ1 அளவு வரைபடங்கள் ஆறு உள்ளன. அவற்றை எப்படிச் சேர்ப்பது?

கணினிமையம்: வரைபடங்களை பிடிஎஃப் ஆக்கி, அச்சிடும்போது "Fit" என்று கொடுங்கள். எந்த அளவாக இருந்தாலும் ஏ4 தாளில் அடங்கிவிடும்.

பழைய_வரைவாளர்: அடங்கும், ஆனால் அளவுகோல் பொய்யாகிவிடும். ஏ1 தாளில் 1:50 என்று வரைந்தது ஏ4 தாளில் ஏறத்தாழ 1:141 ஆகும், 2.5 மிமீ உயர எழுத்து 0.9 மிமீக்குச் சுருங்கும், கம்பி விவரத்தை யாரும் படிக்க முடியாது. ஏ3 தாளில் நீள அகலம் சரிபாதியாவதால் 1:100 என்று நேராகக் குறிக்கலாம். எழுத்தின் உயரத்தை மட்டும் ஆட்டோகேடில் இருமடங்காக்கி மறுபடி எடுங்கள். தாளை மடிக்கும்போது தலைப்புக் கட்டம் மேலே தெரியட்டும், மடிப்பு இடப்பக்க பைண்டிங்கில் சிக்காமல் இருக்கட்டும்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பகுதியின் பக்க அமைப்பு அதன் முடிவிலுள்ள பிரேக்கில்தான் பதிந்திருக்கும். அதை நீக்கினால் முன்னிருந்த எழுத்து பின்வரும் பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு நேர்ந்தது இதுவே. அட்டவணைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு "Next Page" பிரேக் கட்டாயம் இருக்க வேண்டும். முன்னதை மறுபடி இட்டு, அத்தியாயப் பகுதியை மட்டும் "Portrait" ஆக்குங்கள். வெற்றுப் பக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம், பிரேக்கையொட்டி மிஞ்சிய பேஜ் பிரேக்கோ காலி வரிகளோதான். ¶ பொத்தானை அழுத்தினால் தெரிந்துவிடும். எண்களுக்கு ஒவ்வொரு பகுதியிலும் "Format Page Numbers" திறந்து "Continue from previous section" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

போன_வருட_மெக்கானிக்கல்: பங்களிப்புப் பக்கத்தில் நால்வருக்கும் 25 விழுக்காடு என்று போட்டுவிடாதீர்கள். நாங்கள் போட்டோம், வெளித்தேர்வாளர் ஒரு கியர் கணக்கைக் காட்டி யார் செய்தது என்று கேட்டபோது நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

இறுதியாண்டு_சிவில்: நான் கேட்டது அதுவல்ல என்றாலும் பயன்பட்டது, பீம் அட்டவணையில் கணக்கிட்டவர், சரிபார்த்தவர் என்று இரு பத்திகள் சேர்த்து, பங்களிப்புப் பக்கத்தை அதிலிருந்தே எழுதுகிறேன். பிரேக்கை மறுபடி இட்டதும் அத்தியாயம் நிமிர்ந்தது. ¶ அழுத்தியபோது தலைப்புக்கு மேல் ஒரு பேஜ் பிரேக் ஒளிந்திருந்தது. ஆனால் எங்கள் வழிகாட்டி எல்லாத் தாளும் ஏ4 ஆகவே இருக்க வேண்டும் என்கிறார்.

பழைய_வரைவாளர்: அப்படியானால் ஒவ்வொரு வரைபடத்தையும் துண்டாக்கி, தூண் விவரம் ஒரு தாள், படிக்கட்டு ஒரு தாள் என்று பிரிக்க வேண்டும், முழுத் தளவரைபடம் மட்டும் அதற்கு இடங்கொடுக்காது. அந்த ஒன்றுக்காவது ஏ3 அனுமதி கேட்டுப் பாருங்கள்.