அசையும் தட்டுக்கு அடியில எண்ணெய் எப்ப திரும்பும்?

கோப்பாய்_மாணவி: கீழ்த்தட்டு நிக்குது, மேல்தட்டு முன்னுக்கு ஓடுது, முன்பக்கம் அமுக்கம் கூட. எந்த இடத்தில எண்ணெய் பின்னுக்கு ஓடத் தொடங்கும்?

நல்லூரான்: மேல்தட்டின்ர வேகம் U, இடைவெளி h, எண்ணெயின்ர பிசுக்கு μ, நீளத்தோட அமுக்கம் கூடுற வீதம் dp/dx எண்டு வையுங்கோ. தட்டு இழுக்கிறது Uh/2, அமுக்கம் தள்ளுறது (h³/12μ)(dp/dx). ரெண்டும் சமனாகிறது dp/dx = 6μU/h² இல. அதுவரைக்கும் எண்ணெய் முன்னுக்குத்தான்.

வல்வெட்டி_பொறியியல்: நல்லூரான், கணக்கு சரி, ஆனா நீங்கள் கண்டது மொத்தப் பாய்ச்சல் நிக்கிற புள்ளி. எண்ணெய் திரும்பத் தொடங்கிறது அதுக்கு மூண்டில ஒரு பங்கு அமுக்கத்திலேயே. கீழ்த்தட்டிலயிருந்து y உயரத்தில எண்ணெயின்ர வேகம் u எண்டால்:

```
u/U = y/h + P(y/h)(1 − y/h)
P = −(h²/2μU)(dp/dx)
```

கீழ்த்தட்டில வேகத்தின்ர சரிவைப் பாருங்கோ: (U/h)(1 + P). P = −1 இல அது பூச்சியம், வேகம் வெறும் (y/h)² ஆகுது. அதுக்குக் கீழ போனால் நிக்கிற தட்டை ஒட்டின எண்ணெய்தான் முதல்ல திரும்பும். ஏனெண்டால் மேல்தட்டின்ர இழுவை அங்க வந்து சேரேக்க மெலிஞ்சிடும், அமுக்கமோ எல்லா உயரத்திலயும் ஒரே அளவாத் தள்ளுது.

ஒரு எண்ணெய்: μ = 0.1 Pa·s, h = 0.5 மில்லிமீற்றர், U = 1 m/s, தட்டு நீளம் 10 சென்ரிமீற்றர். எல்லை 2μU/h², அதாவது முனைக்கு முனை 80 கிலோபாஸ்கல். மொத்தப் பாய்ச்சல் நிக்க 240 வேணும். நடுவில 160 வைச்சால் இடைவெளியின்ர கீழ்ப்பாதி முழுக்கப் பின்னுக்கு ஓடும், ஆனா வாயில எண்ணெய் வந்துகொண்டுதான் இருக்கும்.

சுன்னாகம்_பட்டறை: எங்கட திருகு பம்பில இதே அளவுகள்தான், வாயில 50 கிலோபாஸ்கல். இடைவெளி தேஞ்சு 1 மில்லிமீற்றர் ஆனபிறகு வரத்து பாதிக்கும் கீழ. வாயில ஒருவழி வால்வு போட்டால் எண்ணெய் திரும்புறது நிக்குமோ?

வல்வெட்டி_பொறியியல்: நிக்காது அண்ணை. வாயில பாய்ச்சல் இன்னும் முன்னுக்குத்தான், வால்வு திறந்தேதான் கிடக்கும். திரும்புற எண்ணெய் இடைவெளிக்கு உள்ள ஓடுது. h ரெண்டு மடங்கானால் எல்லை காலாகும்: 80 இருந்த இடத்தில இப்ப 20. உங்கட 50 இல P = −2.5, கீழிருந்து 0.6 மில்லிமீற்றர் வரை எண்ணெய் பின்னுக்கு. இடைவெளியைத் திரும்பச் சரிப்படுத்துங்கோ, இல்லாட்டி தடிப்பான எண்ணெய் போடுங்கோ. பக்கத்தால கசியிறதை நான் கணக்கில எடுக்கேல்லை.

நல்லூரான்: ஒப்புக்கொள்ளுறன், கீழ்த்தட்டின்ர சரிவை நான் பாக்கேல்லை. ஆனா μ எல்லா இடமும் ஒண்டெண்டு எடுத்திருக்கிறியள். உங்கட P = −2 இல மேல்தட்டுச் சரிவு 3U/h, கீழ −U/h. மேல உராய்வுச் சூடு 9 மடங்கு. அங்க எண்ணெய் இளகினால் எல்லை 80 இல நிக்குமோ?

வல்வெட்டி_பொறியியல்: நிக்காது, கீழ இறங்கும். எல்லையில கீழ்த்தட்டில உராய்வே இல்லை, அதால மேல இளகின எண்ணெய்க்கு அதே U குறைஞ்ச அமுக்கத்திலயே கிடைச்சிடும். எவ்வளவு இறங்கும் எண்டது தட்டால வெப்பம் எவ்வளவு வெளியில போகுது எண்டதில இருக்கு.

கோப்பாய்_மாணவி: அப்ப கீழ்த்தட்டை ஒட்டிச் சாயம் விட்டால் திரும்பிறது தெரியுமோ?

வல்வெட்டி_பொறியியல்: தெரியும் பிள்ளை, ஆனா எல்லைக்குக் கிட்ட தட்டோரம் வேகம் பூச்சியத்துக்குக் கிட்ட. P = −2 இலகூட உச்சம் U இல எட்டில ஒண்டுதான், அதுவும் y = h/4 இல. சாயத்தை அந்த உயரத்தில விடுங்கோ.

நல்லூரான்: 0.5 மில்லிமீற்றருக்குள்ள ஊசி வைச்சால் ஊசியே பாய்ச்சலைக் குழப்பும். தட்டில துளை போட்டு உள்ளுக்கு விடுறதுதான் சரி.